மேலுதட்டில் ஆறு மில்லிமீட்டர்

வழக்குத் தொகை 4,500 ரூபாய். அதற்காக 1997இல் தாக்கல் செய்த பிராது இரண்டு வருடத்துக்கு மேல் முன்சீப் கோர்ட்டில் கிடந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பாரில் என்னைப் பார்த்தால், "மூக்கு நீளம் எவ்வளவு வக்கீலே?" என்று கேட்காத ஆள் கிடையாது.

என் கட்சிக்காரர் ஓவியர். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர். கொஞ்ச நாள் சினிமா பேனர் வரைந்துவிட்டு, பிறகு கரிப்பென்சிலில் உருவப்படம் போடுவதையே பிழைப்பாக்கிக்கொண்டவர். பக்கத்து ஊர் அரிசி மில் குடும்பம் ஒன்று, இறந்துபோன தகப்பனார் படம் வேண்டும் என்று அவரிடம் வந்தது. தலைத் திவசத்தன்று கூடத்தில் மாட்டவேண்டும். 22க்கு 30 அங்குலத் தாள், ஆறாயிரம் ரூபாய் கூலி, 1,500 முன்பணம். மூத்த மகன் ஒரு போட்டோவைக் கொடுத்தார். முன்பண ரசீதில் என் கட்சிக்காரர் தன் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்: "இத்துடன் பெற்றுக்கொண்ட போட்டோவில் உள்ளபடி." வழக்கே கடைசியில் அந்த ஒரு வரியில்தான் நின்றது. எழுதும்போது அவருக்கு அது தெரியாது, கேஸ் கட்டைப் பிரித்தபோது எனக்கும் தெரியவில்லை.

படம் முடிந்தது. வீட்டுக்கு எடுத்துப் போனார். அம்மா வந்து பார்த்தார். ஒரு நிமிடம் நின்றார். "இவர் இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மகன்கள் படத்தை வாங்க மறுத்தார்கள், பாக்கிப் பணமும் தரவில்லை. நோட்டீஸ் கொடுத்தோம். பதில் நோட்டீஸில், படத்தில் இருப்பது தங்கள் தகப்பனார் அல்ல, "யாரோ ஒரு வயோதிகர்" என்று எழுதியிருந்தார்கள். தகப்பனார் இறக்கும்போது 58 வயது, போட்டோ எடுத்தபோது ஐம்பதுக்குள். வயோதிகர் என்ற சொல் என் கட்சிக்காரரை ரொம்பப் புண்படுத்தியது. "ஒரு சுருக்கம்கூட அதிகமாப் போடலையே சார்" என்றார். அது உண்மைதான், சுருக்கங்களை நான் எண்ணிப் பார்த்தேன்.

ஆபீசில் போட்டோவையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எனக்கு அப்படியே இருப்பதாகத்தான் பட்டது. அந்த மனிதரை நான் உயிரோடு பார்த்ததே கிடையாது. பார்க்காத எனக்கு ஒத்துப்போகிறது, முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு ஒத்துப்போகவில்லை. இதில் யார் சாட்சியத்தைக் கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்பதுதான் என் கவலை.

சட்டத்தில் ஒரு பிடி இருந்தது. ராபின்சன் எதிர் கிரேவ்ஸ் என்று 1935ஆம் வருடத்து இங்கிலாந்துத் தீர்ப்பு. உருவப்படம் வரையச் சொல்வது சரக்கு விற்பனை ஒப்பந்தம் அல்ல, திறமைக்கும் உழைப்புக்குமான ஒப்பந்தம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். அப்படியானால், வர்ணித்த சரக்கு வரவில்லை என்று திருப்பி அனுப்புகிற வழி எதிர்த்தரப்புக்கு அடைபடும். நியாயமான திறமையோடு வேலை செய்தாரா என்பது மட்டும் கேள்வியாகும். அதை நிரூபிக்க யாராவது அளந்து காட்டவேண்டும். அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் அறிவியல், கலை இரண்டிலும் தேர்ந்தவர் கருத்துச் சொல்லலாம் என்று இருந்தது. அங்கே கலை என்றால் ஏதோ ஒரு கைத்திறன் என்றுதான் பொருள். நான் அதை உள்ளபடியே ஓவியக்கலைக்கு எடுத்துப்போனேன்.

ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார் ஒருவரைப் பிடித்தேன். போவதற்கு முன் கெட்டிக்காரத்தனமாக நானே ஒரு காரியம் செய்திருந்தேன். போட்டோவை ஜெராக்ஸில் பெரிதாக்கி, ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு பட்டியல் போட்டிருந்தேன். வாத்தியார் பட்டியலைப் பார்க்கவே இல்லை. ஜெராக்ஸை வாங்கி மடித்துத் தன் காபி டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஜெராக்ஸ் எந்திரம் தாளை இழுக்கும்போது நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒரே மாதிரி பெரிதாக்கும் என்று சொல்ல முடியாதாம். அது கொஞ்சம் பிசகினாலும் முகம் நீண்டுவிடும், பழி வரைந்தவன்மேல் விழும். "ஒரிஜினலைக் கொண்டாங்க, கவராயம் கொண்டாங்க" என்றார்.

அவர் செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் போட்டோவில் ஒரு கண்மணியின் நடுவிலிருந்து இன்னொரு கண்மணியின் நடுவுக்குக் கவராயத்தை விரித்தார். 18 மில்லிமீட்டர். படத்தில் அதே தூரம் 72. சரியாக நான்கு மடங்கு. தாளின் ஓரத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினார். அழித்த கட்டங்களின் தடம் மங்கலாகத் தெரிந்தது, ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர். போட்டோமேல் ஐந்து மில்லிமீட்டர் கட்டம் போட்டு, தாளில் இருபதாக்கி, கட்டத்துக்குக் கட்டம் மாற்றியிருக்கிறார் என் கட்சிக்காரர். "பையன் ஒழுங்காத்தான் ஆரம்பிச்சிருக்கான்" என்றார் வாத்தியார்.

அடுத்து ஒரு விதியைச் சொன்னார். அதை நான் டைரியில் குறித்துக்கொண்டேன். போட்டோவில் எவ்வளவு நிதானமாக அளந்தாலும் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே ஆகும். நான்கு மடங்கில் அது இரண்டு மில்லிமீட்டர். ஆகவே படத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குள் வருகிற வித்தியாசத்தைப் பிழை என்று யாரும் பேசக்கூடாது, சரி என்று மார் தட்டவும் கூடாது. அதற்குமேல் போனால்தான் பேச்சு.

பிறகு பட்டர் பேப்பரில் இரண்டு கோடு போட்டார். இரண்டு கண்மணிகளையும் இணைக்கிற குறுக்குக்கோடு ஒன்று, அதன் நடுவிலிருந்து செங்குத்தாக இறங்குகிற கோடு ஒன்று. போட்டோவில் முகத்தின் ஒவ்வொரு முக்கியமான புள்ளியும் இந்த இரண்டு கோட்டிலிருந்தும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து, நான்கால் பெருக்கி, பட்டர் பேப்பரில் புள்ளி வைத்தார். கண்ணின் உள்மூலை, வெளிமூலை, புருவத்தின் உச்சி, மூக்குச் சிறகின் ஓரம், மூக்கின் அடி, வாயின் இரண்டு கோடி, தாடையின் கீழ்விளிம்பு, காதின் மேல்நுனி, காதுமடலின் அடி, நெற்றியில் முடி தொடங்குகிற இடம். இருபது புள்ளிக்கு மேல் இருக்கும். அந்தத் தாளைப் படத்தின்மேல் விரித்து, கண்மணிகளை மட்டும் பொருத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தார்.

கண், புருவம், மூக்கு, காது, நெற்றி எல்லாம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் உட்கார்ந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வாத்தியார் தாளின் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் நீவிவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வக்கீல் சார், கீழே பாருங்க" என்றார்.

மூக்கின் அடியிலிருந்து உதடுகள் சேருகிற கோடு வரை போட்டோவில் 7 மில்லிமீட்டர். படத்தில் 28 இருக்கவேண்டும், 34 இருந்தது. அதற்குக் கீழே உதட்டுக்கோட்டிலிருந்து தாடை வரை போட்டோவில் 13. படத்தில் 52 இருக்கவேண்டும், அப்படியே 52 இருந்தது. ஆக, வாய் ஆறு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது, தாடையும் அதே ஆறு மில்லிமீட்டர் கூடவே இறங்கியிருக்கிறது. பிழை ஓரிடத்தில்தான். மேலுதடு நீண்டுவிட்டது.

எனக்கு வக்கீல் புத்தி. "கண்மணியை வச்சுப் பொருத்தினதாலதானே கீழே இறங்குது? உச்சந்தலையையும் தாடையையும் பொருத்தினா?" என்றேன். பொருத்திக் காட்டினார். படத்தின் தலை உயரம் 270, இருக்கவேண்டியது 264. அந்த 270ஐ 264ஆகச் சுருக்கிப் பொருத்தினால் தாடை சரியாகிவிடும், ஆனால் கண், புருவம், மூக்கு, காது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மேலே ஏறிவிடும், முகம் அகலத்திலும் ஒடுங்கும். ஒரு பிழை பத்துப் பிழையாகச் சிதறும். எங்கே பொருத்துகிறோமோ அங்கே பிழை மறைந்து வேறிடத்தில் முளைக்கும் என்பதால், இரண்டு மூன்று விதமாகப் பொருத்திப் பார்த்து, எதில் மிகக் குறைவான புள்ளிகள் விலகுகின்றனவோ அதைத்தான் நம்பவேண்டும் என்றார். இங்கே கண்மணிப் பொருத்தம்தான் உண்மை சொல்கிறது.

கட்டம் போட்டு வரைந்தவர் எப்படிப் பிசகினார்? பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். இறந்தவருக்கு அடர்ந்த மீசை. போட்டோவில் மீசையின் கருப்பும் அதன் நிழலும் சேர்ந்து மேலுதட்டை மூடியிருந்தன. உதட்டுக்கோட்டை வாயின் இரண்டு கோடியை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். என் கட்சிக்காரர் மீசை நிழலின் கீழ்விளிம்பை உதட்டுக்கோடு என்று எடுத்துக்கொண்டார். வாய் இறங்கியதும் தாடை நெருக்கமாகத் தெரிந்திருக்கிறது. கட்டத்தை விட்டுவிட்டுக் கண்ணை நம்பி, தாடையையும் இறக்கிவிட்டார். வயது ஏற ஏற மனிதனுக்கு மேலுதடு நீண்டு தொங்கும். அதனால்தான் ஒரு சுருக்கம்கூட அதிகமாகப் போடாமல் ஐம்பது வயதுக்காரரை வயோதிகராக்க முடிந்திருக்கிறது. பதில் நோட்டீஸில் இருந்த வசை வார்த்தை ஒரு துல்லியமான அளவீடு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"சாட்சி சொல்ல வருவீங்களா மாஸ்டர்?"

"வர்றேன். கேட்டா இதையும் சொல்வேன்."

இப்படிப்பட்ட சாட்சியைக் கூண்டில் ஏற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேறு சாட்சி கிடையாது. ஏற்றினேன்.

எதிர்த்தரப்பு ஒரு போட்டோவை முதல் சான்றாவணமாகக் குறித்திருந்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த படம். தகப்பனார் சாய்வுநாற்காலியில் உட்கார்ந்திருக்க, யாரோ நின்றுகொண்டு எடுத்தது. இதோடு ஒப்பிட்டால் ஓவியத்தில் நெற்றி சிறியது, மூக்கு குட்டை, காது இறங்கியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். அளந்தும் காட்டினார்கள். அளவு பொய் இல்லை.

வாத்தியார் இதை நீதிபதிக்கு விளக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. தன் தலையை நேராக வைத்துக்கொண்டு, காதின் மேல்நுனியும் புருவமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதைத் தொட்டுக் காட்டினார். பிறகு தலையைக் குனிந்தார். குனிந்ததும் காது புருவத்துக்கு மேலே ஏறியது, நெற்றி பெரிதாகத் தெரிந்தது, மூக்கு நுனி உதட்டை நோக்கி இறங்கியது. வீட்டுப் போட்டோவில் காது புருவத்துக்கு வெகு மேலே இருக்கிறது. ரசீதோடு கொடுத்த போட்டோவில் புருவ மட்டத்தில் இருக்கிறது. ஒன்று குனிந்த தலை, மற்றது நிமிர்ந்த தலை. இரண்டு போட்டோவையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டாலே அவை வேறு வேறு ஆள் என்றுதான் வரும். எதைப் பார்த்து வரைந்தாரோ அதோடு மட்டும்தான் அளவு பார்க்கலாம், அதற்கு முன்னால் காது எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லி முடித்தார். கோர்ட்டில் எல்லோரும் ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தார்கள். டவாலிகூட.

குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர் எங்கள் பாரில் மூத்தவர், வாசிப்பு உள்ளவர். அளவு பக்கம் போகாமல் வேறு வழியில் வந்தார்.

"மதன் கார்ட்டூன் பார்த்திருக்கிறீர்களா?"

"பார்த்திருக்கேன்."

"அதிலே தலைவர்கள் மூக்கு சரியான அளவிலா இருக்கும்?"

"இருக்காது."

"ஆனாலும் யார் என்று தெரிகிறது. அளவே இல்லாத படம் ஆளைக் காட்டுகிறது. அளவெல்லாம் சரி என்கிற உங்கள் படத்தில் பெண்டாட்டிக்கே புருஷனைத் தெரியவில்லை. அப்படியானால் அளவுக்கும் சாயலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்கிறேன், சரிதானே?"

நல்ல கேள்வி. நானாக இருந்தால் தடுமாறியிருப்பேன். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னதை நீதிபதி தன் கைப்பட எழுதிக்கொண்டார். கேலிச்சித்திரம் போடுகிறவன் அளவை விடுவதில்லை, சராசரி முகத்திலிருந்து அந்த ஆள் எங்கே எந்தப் பக்கம் விலகுகிறான் என்பதைப் பிடிக்கிறான். மூக்கு சராசரியைவிடக் கொஞ்சம் நீளமா, இன்னும் நீட்டுவான். தாடை கொஞ்சம் சிறியதா, இன்னும் சிறுக்க வைப்பான். விலகுகிற திசையை மாற்றமாட்டான். சராசரியாக இருக்கிற இடத்தில் கை வைக்கமாட்டான். கேலிச்சித்திரத்தைப் போட்டோவோடு சரிபார்ப்பதென்றால், ஒவ்வொரு புள்ளியும் சரியான பக்கம் போயிருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது வரைந்தவன் இஷ்டம்.

இந்த இடத்தில் சின்னதாக ஒரு கிளைக்கதை. பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்தபோது வாத்தியார் கூண்டில் நின்றதுதான் ஞாபகத்துக்கு வந்தது. 1831 நவம்பரில் பாரிஸ் நீதிமன்றத்தில், மன்னர் லூயி பிலிப்பை இழிவுபடுத்தியதாக சார்ல் பிலிப்போன் என்ற பத்திரிகைக்காரர்மேல் விசாரணை நடந்தது. அவர் தன் தரப்புக்காக நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதலாவது மன்னர் முகம். இரண்டாவது அதைப் போல, மூன்றாவது இரண்டாவதைப் போல, நான்காவது வெறும் பேரிக்காய். முதல் படம் மன்னரைப் போல இருப்பதால் குற்றம் என்றால் இரண்டாவதும் குற்றம், அப்படியே போனால் பேரிக்காய் விற்கிறவனையும் பிடித்து உள்ளே போடவேண்டுமே என்பது வாதம். மன்னருக்குக் கன்னமும் தாடையும் கனம், உச்சி குறுகல். நான்கு படமும் அந்த ஒரே திசையில்தான் நகர்கின்றன. அதனால்தான் பேரிக்காயிலும் மன்னர் தெரிந்தார். வாதம் அழகானது. ஆனாலும் பிலிப்போனுக்கு ஆறு மாதச் சிறையும் இரண்டாயிரம் பிராங்க் அபராதமும் கிடைத்தன.

எங்கள் கோர்ட்டுக்கு வருகிறேன். வாத்தியாரின் பதிலோடு மூத்தவர் உட்கார்ந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார். அவர் உட்காரவில்லை.

"சராசரியாக இருக்கிற இடத்தை நீட்டினால்?"

"அது வேற ஆளாயிடும்."

"இந்தப் படத்தில் அப்படி எங்கேயாவது நீட்டியிருக்கிறதா?"

நான் கோப்பைப் புரட்டுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

"இருக்கு. மேலுதட்டில் ஆறு மில்லிமீட்டர். அந்த மனுஷனுக்கு உதடு சாதாரணமா இருந்தது. அதை நீட்டியாச்சு. அவருக்கு எடுப்பா இருந்தது காது. அதை சரியா போட்டிருக்கான்."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் கட்சிக்காரர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் ஆபீசுக்கு வந்து படத்தையும் பட்டர் பேப்பரையும் கேட்டு வாங்கி, தானே பொருத்திப் பார்த்தார். "முகம் கிட்டவே நின்னு ரெண்டு வாரம் பார்த்தேன் சார். தலைகீழா ஒரு தடவை திருப்பி வச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். தலைகீழாக வைத்தால் முகம் முகமாகத் தெரியாமல் வெறும் இடைவெளிகளாகத் தெரியுமாம், அப்போது நீண்டது நீண்டதாகவே கண்ணில் படும்.

வழக்கு போய்விட்டது என்று நினைத்தேன். அடுத்த வாய்தாவில் அந்த அம்மா சாட்சிக்கு வந்தார். எதிர்த்தரப்புச் சாட்சி. குறுக்கு விசாரணையில் அவரைச் சீண்டக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். படத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, "எது எது மாதிரி இல்லைன்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றேன். நடைமுறையில் இது தற்கொலைக்குச் சமமான கேள்வி, ஜூனியர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அம்மா வயசானவர் மாதிரி இருக்கிறது என்றார். அது தெரிந்த கதை. பிறகு, "வகிடு இந்தப் பக்கம் இல்லை. சிரிச்சா வாய் இந்தப் பக்கம் இழுக்காது, அந்தப் பக்கம்தான் இழுக்கும்" என்றார். அப்புறம் விரலை வைத்து, "பேனா ஏன் இங்கே இருக்கு? பாக்கெட் எல்லாருக்கும் இடது பக்கம்தானே?" என்றார்.

படத்தில் சட்டைப் பாக்கெட்டும் பேனா கிளிப்பும் இறந்தவரின் வலது மார்பில் இருந்தன. பெஞ்ச் கிளார்க் குனிந்து தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நீதிபதி ரசீதோடு வந்த போட்டோவைக் கேட்டு வாங்கினார். அதிலும் பாக்கெட் வலது பக்கம். பட்டன்பட்டையும் மாறித்தான் இருந்தது. ஆண்கள் சட்டையில் இடது பக்கம் வலதுமேல் படியும், போட்டோவில் வலது இடதுமேல் படிந்திருந்தது. பிரிண்ட் போட்ட ஸ்டூடியோவில் நெகட்டிவைப் புரட்டி வைத்திருக்கிறார்கள். பழைய நெகட்டிவிலிருந்து அந்தப் பிரிண்டைப் போட்டு வாங்கியது மூத்த மகன்.

இருபது புள்ளிகளை அளந்த வாத்தியாருக்கும் இது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். இடவலம் புரண்ட போட்டோவைப் பார்த்துப் புரண்டபடியே வரைந்தால் எல்லா அளவும் சரியாகத்தான் வரும். இடைவெளிகள் மாறுவதில்லை, பக்கம்தான் மாறுகிறது. கவராயத்துக்கு அது தெரியாது. வகிடு, மச்சம், பாக்கெட், பட்டன், கடிகாரக் கை என்று பக்கத்தைக் காட்டிக்கொடுக்கிற அடையாளங்களை அளப்பதற்கு முன்பே பார்த்திருக்கவேண்டும். எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கூட இருந்தவர்களுக்கு ஒரு பக்கம் பழக்கம், கண்ணாடியில் தன்னையே பார்த்த அந்த மனிதருக்கு மறுபக்கம் பழக்கம். "அவர் எழுந்து வந்து பார்த்திருந்தா, நான்தான்னு சொல்லியிருப்பார்" என்றார் வாத்தியார். கோர்ட்டில் சொல்லியிருக்கவேண்டிய வாக்கியம், திண்ணையில் வீணானது.

அடுத்த வாய்தாவுக்கு மகன் நெகட்டிவைக் கொண்டுவந்தார். நீதிபதி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பளபளக்கிற பக்கம் தன்னைப் பார்க்க, மருந்து பூசிய மங்கலான பக்கம் அந்தப்புறம் இருக்கும்படி பிடித்தால்தான் உருவம் சரியான பக்கமாகத் தெரியும். அப்படிப் பார்த்தபோது பேனா இடது பக்கம் இருந்தது.

ரசீதின் வரி இப்போது என் கையில் கத்தி. போட்டோவில் உள்ளபடி வரைந்தார், போட்டோவே பிழை, கொடுத்தவர்கள் நீங்கள் என்று அரைமணி நேரம் வாதாடியிருக்கலாம். ஆனால் மேலுதடு போட்டோவில் உள்ளபடி இல்லையே. அதே கத்தி என்னையும் வெட்டும். மூத்தவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும், நீதிபதிக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும். "இரண்டு பேரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள்" என்றார்.

வேப்பமரத்தடியில் பேசினோம். சரியான பக்கத்தில் புதுப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது பிரதிவாதிகள் பொறுப்பு, செலவும் அவர்களுடையது. அதைப் பார்த்து வாதி புதிதாக ஒரு படம் வரைந்து தருவது, கூலி கேட்கக்கூடாது. படம் கைக்கு வந்ததும் பாக்கி 4,500ஐக் கொடுப்பது. செலவுத்தொகை அவரவர் பாடு. சமரச மனுவில் இன்னொரு நிபந்தனையையும் சேர்க்கச் சொன்னார் என் கட்சிக்காரர். மூத்தவர் சிரித்தார், நான் எழுதினேன். முகத்தை முடிக்குமுன் பட்டர் பேப்பரில் எடுத்த புள்ளிகளோடு வாத்தியார் முன்னிலையில் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது அது. சிவில் நடைமுறைச் சட்டம் 23ஆம் கட்டளை 3ஆம் விதியின்படி அந்த ஷரத்தோடு சேர்த்தே டிக்ரி ஆனது.

ஏழு வாரத்தில் புதுப்படம் வந்தது. வாத்தியார் வீட்டுத் திண்ணையில் வைத்து அளந்தோம். இந்த முறை கவராயத்தை என்னிடம் கொடுத்தார்கள். கண்மணிக்குக் கண்மணி 72. மூக்கின் அடியிலிருந்து உதட்டுக்கோடு வரை 28. உதட்டுக்கோட்டிலிருந்து தாடை வரை 51. பாக்கெட் இடது பக்கம். மறுவாரம் பணத்தைக் கோர்ட்டில் கட்டினார்கள். பழைய படத்தைக் கேட்டு யாரும் வரவில்லை, அது இன்னும் என் ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.